மணலில் ஒரு வீடு, கல்லின்மேல் ஒரு வீடு: மூன்று நிமிடக் குழந்தைகள் படத்துக்கு ஸ்டோரிபோர்டும் கதைசொல்லும் குரலும்

ஸ்டோரிபோர்டு என்பது படத்தை எடுப்பதற்கு முன்பே தாளில் பார்த்துவிடும் வழி. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு சின்னக் கட்டம். கட்டத்துக்குள் கோட்டுப்படம், பக்கத்தில் என்ன நடக்கிறது, என்ன சத்தம், கதைசொல்லி என்ன சொல்கிறார், எத்தனை வினாடி என்ற நாலு குறிப்பு. 1930களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னியின் ஸ்டூடியோவில் படங்களைச் சுவரில் வரிசையாகக் குத்தி வைத்துப் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து இது தொழில்முறையாக நிலைத்துவிட்டது. அழகாக வரைய வேண்டியதில்லை. குச்சி மனிதர்கள் போதும். பிடிக்காத கட்டத்தைக் கிழித்துப் போட மனசு வலிக்கக் கூடாது, அதுதான் முக்கியம்.

எப்படி என்று பார்க்க ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். இயேசு சொன்ன உவமை: ஒருவன் கல்லின்மேல் வீடு கட்டினான், இன்னொருவன் மணலின்மேல் கட்டினான், மழை, வெள்ளம், காற்று வந்தது, ஒன்று நின்றது, ஒன்று விழுந்தது. பார்ப்பவர்கள் ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைகள். ஊர் ராமநாதபுரம் கடற்கரை: பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் என்று எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டம் போடுவதற்கு முன்பே இந்த ஊரில் ஒரு சிக்கல் வந்துவிடும். பார்க்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வீடே மணலில்தான் இருக்கிறது. "மணலில் கட்டியவன் முட்டாள்" என்று படம் சொன்னால், அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பாவை ஒரு மாதிரியாகப் பார்க்கும். கதையை மாற்றாமலே இதைத் தீர்க்கலாம். மத்தேயு நற்செய்தியில் கல், மணல் என்று இரண்டு இடங்கள். லூக்காவில் இதே உவமை வரும்போது, முதல் ஆள் ஆழமாகத் தோண்டிப் பாறையின்மேல் அஸ்திவாரம் போடுகிறான். மற்றவன் அஸ்திவாரமே இல்லாமல் மண்மேல் கட்டுகிறான். லூக்காவின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டால் இரண்டு பேரும் ஒரே மணல்மேட்டில், பக்கத்துப் பக்கத்தில் கட்டலாம். வித்தியாசம் இடத்தில் இல்லை, தோண்டியதில் இருக்கிறது. படம் வரைகிறவருக்கும் இது லாபம்தான், ஒரே பின்னணியை இரண்டு வீட்டுக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இதே காரணத்துக்காக இரண்டு வீடும் ஒரே பொருளில் கட்டியதாக இருக்க வேண்டும். செங்கல் சுவர், பனங்கை, பனையோலைக் கூரை. புதிதாகச் செய்கிறவர்கள் விழுகிற வீட்டை ஓலைக் குடிசையாகவும் நிற்கிற வீட்டைக் காரை வீடாகவும் வரைந்துவிடுவார்கள். கண்ணுக்கு உடனே பிடிபடும் என்பது அவர்கள் நினைப்பு. பிள்ளைகளுக்கு அது "காசு இருந்தா வீடு நிக்கும்" என்றுதான் பிடிபடும். கல்லுக்காகக் கடலில் இறங்கிப் பவளப்பாறையை உடைப்பதாகவும் வரைய வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளப்பாறை எடுப்பது சட்டப்படி குற்றம். நல்ல ஆளாகக் காட்டுகிறவர் கையில் அதைக் கொடுக்கக் கூடாது.

அடுத்து, கதையின் ஆணி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான குழந்தைப் படங்கள் புயலில்தான் இருக்கிறது என்று நினைத்து முக்கால்வாசி நேரத்தை அங்கே கொட்டிவிடும். உவமை பேசுவது கட்டடக் கலையைப் பற்றி அல்ல. சொன்னதைக் கேட்டுச் செய்தவன் ஒருவன், கேட்டும் செய்யாதவன் ஒருவன். இரண்டு பேரும் கேட்டார்கள் என்பது படத்தில் தெரியாவிட்டால், வீடு விழுந்தது வெறும் விபத்து ஆகிவிடும். அதனால் மூலத்தில் இல்லாத ஒரு ஆளைச் சேர்க்கிறோம்: ஒரு கொத்தனார் தாத்தா. அவர் இரண்டு பேரிடமும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார், இரண்டு பேரும் ஒரே மாதிரி தலையாட்டுகிறார்கள். மறைக்கல்வி வகுப்புக்கான படம் என்றால் தாத்தாவுக்குப் பதில் இயேசுவே மலைமேல் உட்கார்ந்து கதை சொல்வதாக ஆரம்பிக்கலாம். எல்லா மதப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் பள்ளிக்கூடத்துக்குத் தாத்தா போதும்.

இப்போது நேரக் கணக்கு. மூன்று நிமிடம் என்றால் 180 வினாடி. அதை இப்படிப் பிரிக்கலாம்: இரண்டு பேரும் வருவது 20, தாத்தா சொல்வது 25, கட்டுவது 60, இரண்டு வீடும் ஒரே மாதிரி நிற்பது 15, புயல் 40, மறுநாள் காலை 20. ஷாட் கணக்கில் முறையே 3, 3, 9, 2, 8, 3. ஆக 28 ஷாட். சராசரியாக ஒரு ஷாட்டுக்கு ஆறு வினாடிக்குச் சற்று மேல் வரும். பெரியவர்களுக்கு இது இழுவை. ஐந்து வயதுப் பிள்ளை ஒரு புதுப் படத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்கவே இரண்டு மூன்று வினாடி ஆகிவிடும், அதற்குப் பிறகுதான் நடப்பதைப் பார்க்கும்.

ஷாட்டும் கட்டமும் ஒன்றல்ல என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். கேமரா வெட்டாமல் ஓடும் ஒரு துண்டு ஷாட். அதற்குள் பெரிய மாற்றம் நடந்தால் அந்த ஒரு ஷாட்டுக்கே மூன்று, நாலு கட்டம் தேவைப்படும். தோண்டும் ஷாட் அப்படிப்பட்டது.

கட்டங்களை 8 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரத்தில் தனித்தனிச் சீட்டாக வெட்டிக்கொள்ளுங்கள். இன்றைய திரைகளின் 16:9 அளவு அப்படியே வந்துவிடும். நோட்டில் வரிசையாக வரைந்தால் நடுவில் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கும்போது எழுந்து போய்விடத் தோன்றும். சீட்டு என்றால் சுவரில் நகர்த்தி ஒட்டிக்கொள்ளலாம்.

சுவரில் ஒட்டும்போது ஒரு சட்டத்தை முதல் கட்டத்திலேயே போட்டு, கடைசிவரை மீறாமல் இருங்கள். தோண்டுகிறவர் எப்போதும் திரையின் இடது பக்கம், தோண்டாதவர் வலது பக்கம், கடல் பின்னால். கேமராவை ஒரே ஒரு தரம் மறுபக்கம் கொண்டுபோய் வைத்தாலும் வீடுகள் இடம் மாறிவிடும். வீடுகள் ஒரே மாதிரி இருக்கும் கதையில், எந்த வீடு யாருடையது என்று பிள்ளைகள் அடையாளம் பிடிப்பது இந்த இடது, வலதை வைத்துத்தான். ஆட்களுக்கும் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். புயல் காட்சி இருட்டில் எல்லா நிறமும் சாம்பலாகிவிடும். ஒருவருக்குத் தலைப்பாகை, இன்னொருவருக்கு ஓலைத் தொப்பி என்றால் நிழலுருவிலேயே தெரியும். ஒல்லி, குண்டு, கறுப்பு, சிவப்பு என்று பிரிக்கவே வேண்டாம். ஓலைத் தொப்பிக்காரர் முகத்தில் கெட்டவன் சிரிப்பும் வேண்டாம். அவர் கெட்டவர் அல்ல, செய்யாமல் விட்டவர்.

கட்டுவதற்கு 60 வினாடி கொடுத்திருப்பது தோண்டுவதற்காகத்தான். அஸ்திவாரம் மண்ணுக்குள் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதைக் காட்ட நிலத்தைப் பாதியாக வெட்டியது போல ஒரு படம் தேவை. பொறியியல் புத்தகத்தில் வருவது மாதிரி திடீரென்று அந்த வெட்டுத் தோற்றத்தைப் போட்டால், மேலே வானமா கீழே கடலா என்று ஐந்து வயதுக்குப் புரியாது. ஆளோடு சேர்ந்து இறங்க வேண்டும். முதல் கட்டத்தில் முழங்கால் அளவு குழி. இரண்டாவதில் இடுப்பு. மூன்றாவதில் தலைப்பாகை மட்டும் வெளியே தெரிகிறது, மண்வெட்டியிலிருந்து மணல் பறக்கிறது. மூன்று கட்டத்திலும் தரைக்கோடு திரையில் ஒரே உயரத்தில் இருக்கட்டும். நாலாவது கட்டத்தில் கேமரா மெதுவாகக் கீழே இறங்கி மண்ணுக்குள் அவரைக் காட்டுகிறது. மண்வெட்டி கல்லில் படுகிறது: "டங்!" அதுவரை "சரக், சரக்" என்று மணல் சத்தம் மட்டும் கேட்ட காதுக்கு, அந்த ஒரு டங்கே விளக்கம். அந்த இடத்தில் கதைசொல்லி வாயைத் திறக்கக் கூடாது.

இங்கே கடற்கரைப் பிள்ளைகள் பிடித்துவிடுகிற சில பிழைகள் உண்டு. காய்ந்த மணலில் கிணறு மாதிரி செங்குத்தாகக் குழி நிற்காது, சரிந்து விழும். மேலே அகலமாகவும் கீழே குறுகியும் வரையுங்கள். கரையோரத் தாழ்வில் தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே ஊற்று வந்துவிடும், அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் வீடு கட்டும் இடத்தை மணல்மேட்டின்மேல் வையுங்கள். இன்னொன்று கடல். கதை நடப்பது மழைக்காலம், அதாவது வாடைக்காலம். அப்போது கொந்தளிப்பது பாக் நீரிணைப் பக்கமான வடகடல். முதல் காட்சியில் வடகடலைக் குளம் மாதிரி அமைதியாகக் காட்டி, புயலில் அதையே பொங்க வைத்தால் இந்தப் பிள்ளைகள் நம்புவார்கள்.

வீடு ஏன் விழுகிறது என்பதையும் முன்கூட்டியே விதைத்து வைக்க வேண்டும். வெள்ளம் சுவரை இடித்துத் தள்ளுவதில்லை. சுவரின் அடியில் இருக்கும் மணலை அரித்துக்கொண்டு போகிறது, மூலை இறங்குகிறது, சுவர் வெடிக்கிறது. அலை திரும்பும்போது காலடியில் மணல் நழுவுவது போலத்தான். அந்த அனுபவத்தையே படத்தின் இரண்டாவது ஷாட்டாக வைத்துவிடலாம்: இரண்டு ஜோடிக் கால்கள், குளோசப், அலை வந்து திரும்புகிறது, குதிகால் புதைகிறது, விரல்கள் கூசி மடங்குகின்றன. ஐந்து வினாடி, பேச்சில்லை. பிள்ளைகள் சிரிப்பார்கள். புயலில் வீட்டின் மூலையை இதே குளோசப் அளவில், இதே கோணத்தில் வரையும்போது யாரும் விளக்க வேண்டியிருக்காது.

புயல் எட்டு ஷாட். உவமையிலேயே அதற்கு அமைப்பு தயாராக இருக்கிறது: மழை, வெள்ளம், காற்று மூன்றும் இரண்டு வீட்டையும் ஒரே மாதிரி தாக்குகின்றன. அதனால் முதல் வீட்டுக்குப் போட்ட நாலு ஷாட்டின் கோணத்தையும் அளவையும் இரண்டாவது வீட்டுக்கு அப்படியே திரும்பப் போடுகிறோம். இரண்டாவது வீட்டுக்குப் பெரிய அலை, கூடுதல் மின்னல் என்று சேர்க்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். சேர்த்தால் "அந்த வீட்டுக்குப் பெரிய புயல் வந்துச்சு" என்ற பதில்தான் கிடைக்கும். முதல் வீட்டுக்கு மழை 4 வினாடி, வெள்ளம் 4, காற்று 4, நிற்பது 5. இரண்டாவதுக்கு மழை 4, வெள்ளம் 5, காற்று 4, விழுவது 10. ஆக 40.

கடைசி 10 வினாடி ஷாட் நாலு கட்டமாகப் பிரியும்.

கட்டம் 1, 3 வினாடி: சுவர் மூலை, குளோசப். தண்ணீர் சுழன்று மணலை இழுக்கிறது. மழைச் சத்தம் மட்டும்.
கட்டம் 2, 2 வினாடி: மூலை ஒரு சாண் கீழே இறங்குகிறது. எல்லாச் சத்தமும் நிற்கிறது.
கட்டம் 3, 2 வினாடி: கேமரா வெட்டாமல் பின்னால் நகர்கிறது, முழு வீடு. சுவரில் ஒரே ஒரு விரிசல் கீழிருந்து மேலே ஓடுகிறது, வீடு சாய்கிறது.
கட்டம் 4, 3 வினாடி: ஓலைக் கூரை அப்படியே தண்ணீரில் உட்காருகிறது. "படார்." வளையம் வளையமாக அலை.

வீட்டுக்குள் யார் இருந்தார்கள் என்பதைப் பிள்ளைகள் கேட்காமல் விடமாட்டார்கள். மூலக் கதையில் அதற்குப் பதில் இல்லை. வீடு பெரிதாக விழுந்தது என்பதோடு முடிகிறது. இந்த வயதுக்கு ஆள் வெளியே வந்துவிட்டதைக் காட்டாமல் வீட்டை விழ வைக்கக் கூடாது. வெள்ள ஷாட்டில் கூடுதலாக இருக்கும் ஒரு வினாடி அதற்குத்தான்: ஓலைத் தொப்பிக்காரர் கோழியைக் கையில் இடுக்கிக்கொண்டு இடது பக்கமாக ஓடுகிறார். காற்று ஷாட்டில் கதவு திறந்து கிடக்கும் காலி வீடு. அந்தக் கோழியைச் சும்மா அலங்காரமாக நினைக்காதீர்கள். ஆரம்பத்தில் ஒரு கோழியை வரைந்துவிட்டால் புயலுக்குப் பிறகும் அது இருந்தாக வேண்டும். இல்லையென்றால் படம் முடிந்ததும் வருகிற முதல் கேள்வி உவமையைப் பற்றி இருக்காது, "கோழி எங்க?" என்றுதான் இருக்கும்.

சிதிலமான தேவாலயச் சுவர், மண்ணில் புதைந்த தண்டவாளம் என்று தனுஷ்கோடியைப் பின்னணியில் வைக்கும் ஆசையையும் விட்டுவிடுவது நல்லது. 1964 டிசம்பர் புயலில் அங்கே ரயிலோடு போனவர்களும் ஊரோடு போனவர்களும் யாரும் மணலில் கட்டிய மூடர்கள் அல்ல. தாத்தா பாட்டியை அதில் இழந்த குடும்பங்கள் இன்னும் இந்தக் கரையில் இருக்கின்றன. பனை உயர அலையும் வேண்டாம். தரையோடு ஓடிவரும் வெள்ளம் போதும். மின்னலை ஒரு வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் வெட்ட விடாதீர்கள். வேகமாகத் துடிக்கும் வெளிச்சம் சில பிள்ளைகளுக்கு வலிப்பைத் தூண்டும். இந்தப் படத்துக்கு மொத்தமே இரண்டு மின்னல் போதும்.

இனி குரல். கதைசொல்லும் வரிகளைக் கட்டங்கள் சுவரில் நின்ற பிறகு எழுதுங்கள், முன்பே எழுதினால் படம் பேச்சுக்குப் பட்டன் தைக்கும் வேலையாகிவிடும். படத்தில் தெரிவதைக் குரல் திரும்பச் சொல்லக் கூடாது என்பதுதான் அளவுகோல். "மழை பெய்துகொண்டிருக்கும்போது அந்த மனிதர் மிகவும் கவலையோடு ஜன்னல் வழியாகப் பார்த்தார்" என்று எழுதியிருந்தால் அதில் கடைசிவரை படமே இருக்கிறது, அடித்துவிடலாம். எழுத்துத்தமிழும் இந்த வயதுக்குச் சரிவராது. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிள்ளைக்கு "வீழ்ந்துவிட்டது" பாடப்புத்தகச் சொல், "விழுந்துடுச்சு" வீட்டுச் சொல்.

முழுப் படத்துக்கும் இவ்வளவுதான் பேச்சு:

"கடற்கரையில ரெண்டு பேரு. ரெண்டு பேருக்கும் ஒரு வீடு வேணும்."
தாத்தா: "மணலைத் தோண்டுங்க. கல்லு தட்டுற வரைக்கும் தோண்டுங்க." இரண்டு பேரும்: "சரி தாத்தா!"
"ரெண்டு பேரும் கேட்டாங்க."
"ஒருத்தர் தோண்டினார். தோண்டினார். தோண்டிக்கிட்டே இருந்தார்."
"இன்னொருத்தர்? அன்னைக்கே சுவரு எழுப்பிட்டார்."
"வீடு ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு. எது எது, சொல்லுங்க பாப்போம்?"
"மழை வந்துச்சு. வெள்ளம் வந்துச்சு. காத்து வந்துச்சு. வீடு விழல."
"மழை வந்துச்சு. வெள்ளம் வந்துச்சு. காத்து வந்துச்சு."
"விழுந்துடுச்சு."
"ரெண்டு பேரும் கேட்டாங்க. ஒருத்தர் செஞ்சார்."

அறுபது சொல்லுக்குள் அடங்கிவிட்டது. கதை சொல்லும் நிதானத்தில் நிமிடத்துக்கு எண்பது சொல் என்று வைத்தால் 45 வினாடிக்கு மேல் போகாது. மீதி இரண்டேகால் நிமிடமும் படத்துக்கும் சத்தத்துக்கும். நூறு சொல் வரை தாங்கும். முதல் தடவை எழுதுகிறவர்களின் கையில் இது இருநூறைத் தாண்டிவிடும், காரணம் கடைசியில் சேர்க்கும் "ஆகவே குழந்தைகளே" தான். இங்கே "ஒருத்தர் செஞ்சார்" என்பதோடு நிறுத்துகிறோம். "எது எது" என்று கேட்ட பிறகு நாலு வினாடி முழு அமைதி விடவேண்டும், பிள்ளைகள் திரையைப் பார்த்துக் கத்துவதற்கு. "விழுந்துடுச்சு" என்பதற்கு முன்னால் இரண்டு வினாடி.

பதிவு செய்ய ஸ்டூடியோ தேவையில்லை. போர்வை, துணிமணி தொங்கும் சின்ன அறையில், போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துப் பேசினால் "ப", "பு" வெடிக்காது. மின்விசிறியை நிறுத்தித்தான் ஆகவேண்டும், அதனால் விடிகாலை நல்லது. கடலோர வீடு என்றால் படகு எஞ்சின் சத்தம் இல்லாத நேரமாகவும் பார்க்க வேண்டும். வானொலிக் குரல் வேண்டாம். பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டியபடி கதை சொல்லிப் பழகிய குரல் ஒன்று ஊரில் எங்கேயாவது இருக்கும்.

இந்தக் குரலையும் சுவரில் இருக்கும் கட்டங்களின் போட்டோக்களையும் போனில் உள்ள எந்த வீடியோ எடிட்டரிலும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் எழுதிய வினாடியைக் கொடுத்து ஓடவிடுங்கள். இதற்குப் பெயர் அனிமேட்டிக். அசைவே இல்லாத படம், ஆனால் நேரமும் குரலும் உண்மை. ஒரு ஷாட்டைக்கூட அசைவோடு வரைவதற்கு முன்னால் இதை ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். வினாடிக்கு 12 படம் என்ற சிக்கனக் கணக்கில் வரைந்தாலே புயல் மட்டும் 480 படம் வரும். அதை வரைந்த பிறகு மாற்ற யாருக்கும் மனசு வராது.

"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், புரிஞ்சுது என்றுதான் சொல்வார்கள். "எந்த வீடு விழுந்துச்சு? ஏன்?" என்று கேளுங்கள். "காத்து பெருசா அடிச்சுச்சு" என்றால் இரண்டு புயலும் ஒரே அளவில் இல்லை. ஷாட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிடுங்கள். "அவரு கெட்டவரு" என்றால் ஓலைத் தொப்பிக்காரரின் முகத்தைத் திருத்துங்கள். "கீழ கல்லு இல்ல" என்றால் தோண்டும் காட்சி வேலை செய்கிறது, ஆனால் தாத்தாவை மறந்துவிட்டார்கள். தலையாட்டும் ஷாட்டில் இரண்டு பேரையும் ஒரே கட்டத்தில், ஒரே அளவில் வைத்து இரண்டு வினாடி கூட்டி, அந்த இரண்டு வினாடியைச் சுவர் எழுப்பும் ஷாட்டிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். "தாத்தா சொன்னாருல்ல, அவரு தோண்டவே இல்ல" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால், வண்ணத்துக்குப் போகலாம்.